குடும்ப வழக்கறிஞரை முதன்முறை பார்க்கப் போகும் முன்

வக்கீல் முன் முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் கதையைத் திருமண நாளிலிருந்து தொடங்குவார்கள். அது இயல்புதான். பல வருடம் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்க ஒருவர் கிடைத்திருக்கிறார். ஆனால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் அரை மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம். அதில் பெரும்பகுதி கதையில் போய்விட்டால், "இப்போது நான் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும்" என்ற கேள்விக்குப் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. வெளியே வந்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்று உறைக்கும்.

கதையைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்விட்டால், அந்த நேரத்தை முடிவுகளைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தயாரிப்பு எல்லாம் அதற்காகத்தான். பிரிவு, விவாகரத்து, குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் முதல் சந்திப்பில் வக்கீலுக்குத் தேவைப்படும் விவரங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். ஒரு பெண். திருமணமாகிப் பத்து வருடத்துக்கு மேல். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கணவர் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறது. கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறார். இவர் மகன் பிறந்த பிறகு வேலையை விட்டவர், இப்போது பகுதிநேர வேலைக்குப் போகிறார்.

நேரம் கேட்டு ஃபோன் செய்யும்போது

அலுவலகத்தில் ஃபோனை எடுப்பவர் முதலில் உங்கள் பெயரையும், உங்கள் கணவர் அல்லது மனைவியின் பெயரையும் கேட்பார். இதற்குக் காரணம் உண்டு. ஒரே வழக்கறிஞர் இரண்டு தரப்புக்கும் வாதாட முடியாது. எதிர்த்தரப்பு ஏற்கெனவே அவரிடம் ஆலோசனை கேட்டிருந்தால் அவர் உங்களை எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். பழைய பெயரோ தொழில் செய்யும் நிறுவனப் பெயரோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே ஃபோனில் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: முதல் சந்திப்புக்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு நேரம், பேசப்போவது வக்கீலா அல்லது அவருடைய ஜூனியரா. சில இடங்களில் முதல் சந்திப்பு இலவசம். அது பெரும்பாலும் நீங்களும் அவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்கான நேரமாகவே இருக்கும், சட்ட ஆலோசனையை விரிவாக எதிர்பார்க்க முடியாது. கட்டணம் வாங்கும் சந்திப்பில் உங்கள் விவகாரத்தைப் பற்றிய ஆலோசனையையே கேட்டுப் பெறலாம். எதற்குப் போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அவசரம் இருந்தால் சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் ஃபோனிலேயே சொல்லுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் இருப்பது, குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார் என்ற பயம், சொத்தை விற்க ஏற்பாடு நடப்பது, நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்திருப்பது ஆகிய நான்கும் அவசரம். காகிதம் வந்திருந்தால் அது எந்தத் தேதியில் கையில் கிடைத்தது என்று உறையிலேயே குறித்துவையுங்கள். பதில் தாக்கல் செய்யும் கெடு பல இடங்களில் அந்தத் தேதியிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். உறையையும் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். வக்கீலோடு பேசுவதற்கென்று புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல் வீட்டில் யாரும் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். நம் எடுத்துக்காட்டில் வரும் பெண்ணின் மின்னஞ்சல், குழந்தைகள் படம் பார்க்கும் டேப்லெட்டிலும் திறந்தே கிடந்தது. அந்த டேப்லெட் வாரக் கடைசியில் கணவரிடம் போய் வரும். சந்திப்பு உறுதியான செய்தியே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

காலவரிசைத் தாள்

ஒரே பக்கம். தேதி, என்ன நடந்தது, அவ்வளவுதான். உணர்ச்சியை இதில் எழுத வேண்டாம், அதை நேரில் சொல்லலாம். அந்தப் பெண்ணின் தாள் இப்படி இருந்தால் போதும்:

2014 மே: திருமணம், பதிவு செய்யப்பட்டது.
2016 ஆகஸ்ட்: மகள் பிறந்தாள்.
2018 ஜனவரி: வீடு வாங்கினோம், இருவர் பெயரில். முன்பணத்தில் ஒரு பகுதி என் அப்பா கொடுத்தது, வங்கி வழியாக.
2019 நவம்பர்: மகன் பிறந்தான். நான் வேலையை விட்டேன்.
2022: கணவர் தொழில் தொடங்கினார். வீட்டின் பேரில் இரண்டாவது கடன்.
2024 ஜூன்: பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன்.
2025 செப்டம்பர் 6: கணவர் வீட்டை விட்டுப் போனார்.
அதன்பின்: குழந்தைகள் என்னோடு. சனி, ஞாயிறு அவரிடம். வீட்டுக் கடன் தவணையை அவர் கட்டுகிறார், நவம்பர் முதல் பாதிதான் கட்டுகிறார்.

இதைப் படிக்க வக்கீலுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பல முடிச்சுகளைப் பார்த்துவிடுவார். அப்பா கொடுத்த பணம் அன்பளிப்பா, கடனா என்று கேட்பார். இரண்டாவது கடனில் இந்தப் பெண் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பார். செப்டம்பர் 6 என்ற தேதியை அடிக்கோடிடுவார். பிரிந்த தேதி பல நாட்டுச் சட்டங்களில் முக்கியமானது. சில இடங்களில் குறிப்பிட்ட காலம் பிரிந்து வாழ்ந்த பிறகுதான் விவாகரத்துக்கு மனு போடலாம், சில இடங்களில் அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்த சொத்தும் கடனும் தனிக் கணக்கு. "ஏதோ போன வருஷக் கடைசியில்" என்று சொல்வதைவிட அந்தத் தேதியை உறுதிசெய்து கொண்டுபோவது நல்லது. அன்று அனுப்பிய ஒரு செய்தி, அவர் வாடகைக்கு வீடு எடுத்த நாள் என ஏதாவது ஒன்று அதைக் காட்டும்.

குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். கீழே நான்கைந்து வரியில் ஒரு சாதாரண வாரத்தை எழுதுங்கள்: காலையில் யார் எழுப்புகிறார், பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார், காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுக்கிறார், டாக்டரிடமும் பள்ளிக் கூட்டத்துக்கும் யார் போகிறார். "நான்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வரியை வைத்து வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரத்தின் விவரத்தை வைத்து மனுவே எழுதத் தொடங்கலாம். மற்றவர் செய்வதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அவர் செவ்வாய்தோறும் மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிறார் என்றால் அதுவும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பணத் தாளும் காகிதங்களும்

இரண்டாவது தாளில் நான்கு தலைப்புகள் போடுங்கள்: என்ன இருக்கிறது, என்ன கடன், மாதம் என்ன வருகிறது, மாதம் என்ன போகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். சரியான தொகை தெரியாவிட்டால் உத்தேசத் தொகையைப் போட்டு, பக்கத்தில் "உத்தேசம்" என்று எழுதுங்கள். உத்தேசமாகச் சொன்னது பிற்பாடு மாறினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உறுதியாகச் சொன்னது மாறினால் நம்பிக்கை போய்விடும்.

காகிதங்களில் முதலில் எடுக்க வேண்டியவை: திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடைசி இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம், ஓய்வூதியம் அல்லது சேமிப்பு நிதிக் கணக்கு விவரம், காப்பீட்டுப் பாலிசிகள். ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவோ இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ இருந்தால் அது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

எல்லாம் கிடைக்காது. குடும்பப் பணத்தைக் கணவர் ஒருவரே பார்த்துக்கொண்ட வீடுகளில் மனைவிக்குக் கணக்கு எந்த வங்கியில் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இருக்கலாம். அதற்காகச் சந்திப்பைத் தள்ளிப் போட வேண்டாம். தெரிந்ததை எழுதுங்கள்: வங்கியின் பெயர், தொழிலின் பெயர், எந்தக் கணக்காளர். பிரிவு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் வெளிப்படுத்தக் கேட்கும் நடைமுறை பல நாடுகளில் உண்டு. எங்கே தேடுவது என்று காட்டும் ஒரு குறிப்பு இருந்தாலே வக்கீலுக்குப் பெரிய உதவி.

தெரியாததைத் தெரிந்துகொள்ள அவருடைய ஃபோனையோ மின்னஞ்சலையோ கடவுச்சொல் போட்டுத் திறக்காதீர்கள். அது உங்கள் மீதே புகாராகத் திரும்பலாம். எடுத்த தகவலை நீதிமன்றம் ஏற்காமலும் போகலாம். பொது மேசையில் கிடக்கும், இருவர் பெயரிலும் வந்த ஸ்டேட்மென்டைப் படம் எடுப்பது வேறு. எது சரி என்று சந்தேகம் வந்தால் எடுக்காமல் விட்டுவிட்டு, அப்படியொரு காகிதம் இருக்கிறது என்று வக்கீலிடம் சொல்லுங்கள்.

அதுபோலவே, சந்திப்புக்கு முன் உங்கள் பக்கத்திலிருந்து எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அனுப்பிய வாட்ஸாப் செய்தி உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். ஆனால் அதன் நகல் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. நீங்கள் அழித்தால், அழித்தீர்கள் என்பதே தனி விவகாரமாகிவிடும். கூட்டுக் கணக்கிலிருந்து பெரிய தொகை எடுப்பது, சொத்தை வேறு பெயருக்கு மாற்றுவது, அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவது எல்லாம் வக்கீலிடம் பேசிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அறைக்குள்

தனியாக உள்ளே போவது நல்லது. துணைக்கு அக்கா வரட்டும், வெளியே உட்காரட்டும். நீங்கள் வக்கீலிடம் சொல்வது ரகசியம். அவரை நியமிக்காமல் வந்துவிட்டாலும் பல நாடுகளில் அந்த ரகசியப் பாதுகாப்பு உண்டு. மூன்றாவது ஆள் கூட உட்கார்ந்தால் சில இடங்களில் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். அக்கா பிற்பாடு சாட்சியாக வேண்டியிருந்தால் இன்னும் சிக்கல். மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவைப்பட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், உறவினர் அல்லாத ஒருவரை ஏற்பாடு செய்வது நல்லது. குழந்தைகளைக் கூட்டி வர வேண்டாம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குக் கேட்கும்.

இரண்டு தாளையும் கொடுத்துவிட்டு, உங்களுக்குப் பாதகமான விஷயத்தை முதலில் சொல்லுங்கள். நம் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருந்தது. கணவர் போன அதே வாரம் பயத்தில் கூட்டுக் கணக்கிலிருந்து பாதிப் பணத்தை எடுத்துத் தன் அம்மாவின் கணக்கில் போட்டிருந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? வக்கீல், கணவர் தவணையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் என்று காட்டமாகக் கடிதம் எழுதுவார். பதிலில் அந்த வங்கி ஸ்டேட்மென்ட் வரும். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சொல்லும் எதையும் எதிர்த்தரப்பு சந்தேகத்தோடுதான் பார்க்கும். முதலிலேயே சொன்னால், பணம் எங்கே இருக்கிறது, எதற்குச் செலவானது என்று கணக்கு எழுதி, தாமாகவே வெளிப்படுத்தி, அதைச் சின்ன விஷயமாக்கிவிட முடியும். புதிய உறவு, குடிப்பழக்கம், பழைய போலீஸ் புகார், கணக்கில் காட்டாத வருமானம் எதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

கட்டணம் எப்படி ஓடுகிறது

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் அதிகம். வக்கீல்கள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள். கட்டணம் பெரும்பாலும் இரண்டு வகை. எளிய வேலைக்கு, உதாரணமாக இருவரும் ஒத்துக்கொண்ட விவாகரத்துக்கு, மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். சண்டை இருக்கும் வழக்கில் மணிக்கணக்கில் வாங்குவார்கள், அல்லது மனு, இடைக்கால உத்தரவு, விசாரணை என்று கட்டம் கட்டமாகவோ, வாய்தாவுக்கு இவ்வளவு என்றோ பேசுவார்கள். மொத்தத் தொகை என்றால் அதில் எதுவெல்லாம் அடங்காது என்று கேளுங்கள். "எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால் தனி" என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். கிடைக்கும் சொத்தில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விவாகரத்து வழக்கில் அப்படி வாங்குவது பல நாடுகளில் தடை செய்யப்பட்டது.

மணிக்கணக்கு எப்படி ஓடும் என்று பார்ப்போம். பல அலுவலகங்கள் ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, 6 நிமிடத்தை ஓர் அலகாக வைத்திருக்கின்றன. ஒரு வரி மின்னஞ்சலைப் படித்தாலும் குறைந்தது ஓர் அலகு. அந்தப் பெண் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று அனுப்பினால் 5 அலகு, அதாவது அரை மணி நேரக் கட்டணம். அதே ஐந்து கேள்வியை வெள்ளிக்கிழமை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால் இரண்டு அலகில் முடியலாம்.

தொடக்கத்தில் வாங்கும் முன்பணம் மொத்தச் செலவு அல்ல. அங்கேதான் அதிகம் பேர் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள். முன்பணம் 10 மணி நேர வேலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்திப்பு 1 மணி, காகிதங்களைப் படிக்க 2, எதிர்த்தரப்புக்கு முதல் கடிதம் எழுத ஒன்றரை, பதிலைப் படித்துப் பேச 1, மனு தயாரிக்க 3. முதல் மாதத்திலேயே எட்டரை மணி நேரம் முடிந்துவிட்டது, ஒன்றரைதான் மிச்சம். அப்புறம் மறுபடி கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதனால் கேளுங்கள்: முன்பணம் தனிக் கணக்கில் இருக்குமா, ஒவ்வொரு மாதமும் எதற்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று விவரப் பட்டியல் வருமா, வேலை முடிந்து மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார்களா, எந்த அளவுக்குக் குறைந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

வக்கீல் கட்டணத்துக்கு வெளியேயும் செலவு உண்டு. நீதிமன்றக் கட்டணம், வீட்டை மதிப்பிடுபவர், கணவரின் தொழிலை மதிப்பிடும் கணக்காளர், மொழிபெயர்ப்பு, நகல். சொந்தத் தொழில் இருக்கும் வழக்கில் கணக்காளர் செலவு பெரிதாக வரலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். கையில் பணமே இல்லாதவர்கள், அரசு சட்ட உதவிக்குத் தனக்குத் தகுதி உண்டா, எதிர்த்தரப்பிடமிருந்து வழக்குச் செலவை இடைக்காலமாகக் கேட்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். இதைப் பிறகு கேட்கலாம் என்று விட்டு, நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஐந்துக்கு மேல் வேண்டாம். அந்தத் தாளிலேயே எழுதி, பதிலுக்கு இடம் விட்டுக் கொண்டுபோங்கள்.

முதல் கேள்வி: "என் பக்கத்தில் பலவீனமான இடம் எது?" பதிலில் உங்கள் தாளில் உள்ள ஏதோ ஒன்று குறிப்பாக வர வேண்டும். அம்மா கணக்கில் போட்ட பணம், இரண்டாவது கடனில் உள்ள கையெழுத்து என்று சொன்னால் அவர் படித்திருக்கிறார். "கவலையே வேண்டாம், நிச்சயம் ஜெயிக்கலாம்" என்றால் எனக்கு நம்பிக்கை வராது. எதிர்த்தரப்பின் காகிதங்களைப் பார்க்காமல் யாராலும் முடிவைச் சொல்ல முடியாது.

இரண்டாவது, நீதிமன்றம் போகாமல் பேசி முடிக்க வழி உண்டா, எந்த நிலையில் அதைக் கைவிடுவீர்கள் என்பது. சமரசப் பேச்சு பல குடும்பங்களுக்குச் செலவையும் காலத்தையும் குறைக்கும். ஆனால் வீட்டில் வன்முறையோ மிரட்டலோ இருந்திருந்தால் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் சமரசம் ஆபத்து, அதை வக்கீல் தானாகவே விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, என் வேலையை யார் செய்வார், எனக்கு யார் ஃபோனை எடுப்பார். நான்காவது, அடுத்த 30 நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள், நான் என்ன செய்ய வேண்டும். ஐந்தாவது, மொத்தச் செலவு குறைந்தது எவ்வளவு, அதிகம் போனால் எவ்வளவு, எது நடந்தால் அது ஏறும். ஒரே எண்ணைச் சொல்பவரைவிட, "வீட்டைப் பற்றி ஒத்துப்போனால் இவ்வளவு, தொழிலை மதிப்பிட வேண்டி வந்தால் இவ்வளவு" என்று பிரித்துச் சொல்பவரின் கணக்கை நம்பலாம்.

அன்று மாலை

வீட்டுக்கு வந்ததும், மறப்பதற்கு முன், அவர் சொன்னதை எழுதுங்கள். குறிப்பாகத் தேதிகளையும், செய்யக் கூடாது என்று சொன்னவற்றையும். கெடு நெருங்கிவிட்டாலொழிய அதே நாளில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டண விவரமும் வேலையின் எல்லையும் எழுதிய கடிதத்தை அனுப்பச் சொல்லி, வீட்டில் வைத்துப் படியுங்கள்.

அந்தப் பெண் இரண்டு பேரைப் பார்த்தார். முதலாமவரின் கட்டணம் குறைவு. ஆனால் காலவரிசைத் தாளை ஓரமாக வைத்துவிட்டார், கடிதமும் வரவில்லை. இரண்டாமவரின் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. அதில் குழந்தைகள் விவகாரமும் வீடும் இருந்தன, இடைக்காலப் பராமரிப்புத் தொகை பற்றி ஒரு வரியும் இல்லை. இவர் உடனே ஒரு மின்னஞ்சலில் கேட்டார்: "தவணை பாதியாகிவிட்டதால் இடைக்காலத் தொகைக்கு மனு போடுவது இந்த முன்பணத்தில் அடங்குமா, தனியா?" அடங்கும் என்று பதில் வந்தது. அந்த வரியைக் கடிதத்தில் சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லி, சேர்ந்த பிறகு கையெழுத்துப் போட்டார்.